இரவு 10 மணிக்கு ஏறி காலை 6 மணிக்கு இறங்கும் ஷிஃப்டுக்கு எக்செலில் மணிக்கணக்கு போடுவது எப்படி?

பகல் ஷிஃப்டுக்குக் கணக்கு போடுவதில் சிக்கலே இல்லை. வெளியே போன நேரத்திலிருந்து உள்ளே வந்த நேரத்தைக் கழித்தால் முடிந்தது. நைட் ஷிஃப்டு வந்ததும்தான் எக்செல் கட்டம் முழுக்க ##### என்று நிரப்பிவிட்டு நிற்கும். மில், பனியன் கம்பெனி, ஆஸ்பத்திரி, செக்யூரிட்டி ஏஜென்சி என்று எங்கே டைம் ஆபீஸ் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தாலும், முதல் மாதச் சம்பளப் பட்டியலிலேயே இதைப் பார்ப்பீர்கள். சரிசெய்ய ஒரே ஒரு சூத்திரம் போதும். ஆனால் அந்தச் சூத்திரம் சில தவறுகளைச் சத்தமில்லாமல் மறைத்தும்விடும் என்பதால், அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு போடுவது நல்லது.

முதலில் கணினியை மூடிவைத்துவிட்டுக் கையால் ஒரு கணக்கு. ஒருவர் இரவு 10:40-க்கு வந்து காலை 6:15-க்குப் போகிறார். நடுவே நள்ளிரவில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். 10:40-லிருந்து 12 மணி வரை 1 மணி 20 நிமிடம். 12-லிருந்து 6:15 வரை 6 மணி 15 நிமிடம். கூட்டினால் 7 மணி 35 நிமிடம். இந்த முறை எந்த நைட் ஷிஃப்டுக்கும் பொருந்தும். கணினி தரும் விடையில் சந்தேகம் வரும்போதெல்லாம் இரண்டு வரிசையை இப்படிப் போட்டுப் பாருங்கள், அரை நிமிடம்கூட ஆகாது.

##### ஏன் வருகிறது

எக்செலுக்கு நேரம் என்பது ஒரு நாளின் பின்னம். முழு நாள் 1. நண்பகல் 12 மணி என்றால் 0.5, காலை 6 என்றால் 0.25, இரவு 10 என்றால் ஏறக்குறைய 0.9167. கட்டத்தில் 22:00 என்று தெரிவது நம் கண்ணுக்காகப் போட்ட வேஷம். உள்ளே இருப்பது இந்த எண்தான்.

இப்போது B2-வில் 22:00, C2-வில் 6:00 வைத்துக்கொண்டு `=C2-B2` போட்டால், 0.25-லிருந்து 0.9167 கழிகிறது. விடை மைனஸ் 0.6667, அதாவது மைனஸ் 16 மணி நேரம். நாம் தேதி கொடுக்கவில்லை, ஆகவே இரண்டு நேரமும் ஒரே நாளைச் சேர்ந்தவை என்று எக்செல் எடுத்துக்கொள்கிறது. எதிர்மறையான நேரத்தைக் காட்ட அதற்குத் தெரியாது, அதனால் ##### போடுகிறது. கூகுள் ஷீட்ஸ் இப்படித் தடுமாறாமல் -16:00:00 என்றே காட்டிவிடும்.

கட்டம் குறுகலாக இருந்தாலும் இதே ##### வரும். எது என்று தெரிய நெடுவரிசையை அகலமாக இழுத்துப் பாருங்கள். இழுக்க இழுக்க ##### நீண்டுகொண்டே போனால் விடை மைனஸ்.

இந்த இடத்தில் புதியவர்கள் இரண்டு குறுக்குவழிகளில் இறங்குவார்கள். ஒன்று, எக்செல் அமைப்புகளில் இருக்கும் `Use 1904 date system` என்பதை டிக் செய்வது. ##### போய் -16:00 என்று வரும். கணக்கு தப்பு தப்பாகவேதான் இருக்கும். அதோடு அந்தக் கோப்பில் ஏற்கெனவே இருக்கும் தேதிகள் எல்லாம் 4 வருடம் 1 நாள் தள்ளிப் போய்விடும். பழைய கோப்பில் இதைத் தொடவே தொடாதீர்கள்.

இன்னொன்று `ABS` போட்டு மைனஸை உதிர்த்துவிடுவது. இது இன்னும் மோசம், ஏனென்றால் சில இடங்களில் சரியான விடை தரும். செக்யூரிட்டி வேலை பெரும்பாலும் 12 மணி நேர டூட்டி. இரவு 8-லிருந்து காலை 8 வரை. இங்கே கழித்தால் மைனஸ் 12, `ABS` போட்டால் 12. அடடா, சரியாக வந்துவிட்டதே என்று மாதம் முழுக்க இழுத்துவிடுவார்கள். ஒருநாள் அடுத்த ஆள் தாமதமாக வர, இவர் 8:30 வரை நிற்கிறார் என்று வையுங்கள். உண்மையில் 12:30. `ABS` சொல்வது 11:30. அரை மணி கூடுதலாக நின்றவருக்கு அரை மணி குறைந்துவிட்டது! ஒரு நாளிலிருந்து 12 மணியைக் கழித்தாலும் 12 மணியே மிஞ்சும் என்பதால்தான் முதலில் விடை பொருந்தியது. வேறு எந்த நேரத்துக்கும் அது பொருந்தாது.

போட வேண்டிய சூத்திரம்

வெளியேறும் நேரம் உள்ளே வந்த நேரத்தைவிடச் சிறியதாக இருந்தால், அது மறுநாள் நேரம். அதனுடன் ஒரு நாளை, அதாவது 1-ஐக் கூட்ட வேண்டும். அப்படியே எழுதினால்:

```
=IF(C2<B2, C2+1, C2) - B2
```

காலை 6 என்பது 0.25. அதனுடன் 1 சேர்ந்து 1.25. அதிலிருந்து 0.9167 போனால் 0.3333, அதாவது 8 மணி நேரம். புதிதாகக் கற்பவர் முதலில் இதையே போட்டுப் பழகலாம், படித்தாலே பொருள் புரியும்.

நாள்பட்டவர்கள் போடுவது இது:

```
=MOD(C2-B2, 1)
```

`MOD` என்பது வகுத்து மீதியைத் தருவது. 1-ஆல் வகுக்கும்போது முழு நாட்களை எல்லாம் தள்ளிவிட்டு, 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட மீதியை மட்டும் தரும். எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் இந்த மீதி எப்போதும் வகுக்கும் எண்ணின் குறியையே எடுத்துக்கொள்ளும், நாம் வகுப்பது பிளஸ் 1, ஆகவே மைனஸ் 0.6667 என்பது பிளஸ் 0.3333 ஆகிவிடும். பகல் ஷிஃப்டுக்கும் இதே சூத்திரம் ஒத்துவரும். ஒரே பட்டியலில் பகல், அரை நைட், முழு நைட் மூன்றும் கலந்திருந்தாலும் மேலிருந்து கீழ்வரை இதையே இழுத்துவிடலாம்.

விடை 0.3333 என்று பின்னமாகவே தெரிந்தால் பயப்பட வேண்டாம். எக்செலில் `Ctrl+1` அழுத்தி, `Custom` என்பதில் `[h]:mm` என்று தட்டுங்கள். கூகுள் ஷீட்ஸில் `Format` > `Number` > `Duration`. அந்தச் சதுர அடைப்புக்குறி எதற்கு என்பது வாரக் கூட்டலில் தெரியும்.

ஒரு வாரக் கணக்கு

முழு நைட் பார்க்கும் ஒருவரின் ஆறு இரவுகளை எடுத்துக்கொள்வோம். A-யில் தேதி, B-யில் வந்த நேரம், C-யில் போன நேரம், D-யில் சாப்பாட்டு இடைவேளை, E-யில் மணிக்கணக்கு. இடைவேளையைக் கழிக்காமல் முதலில் பார்ப்போம்.

| நாள் | வந்தது | போனது | மணி |
|---|---|---|---|
| திங்கள் | 22:00 | 6:00 | 8:00 |
| செவ்வாய் | 21:55 | 6:10 | 8:15 |
| புதன் | 22:05 | 6:00 | 7:55 |
| வியாழன் | 22:00 | 8:30 | 10:30 |
| வெள்ளி | 22:10 | 6:00 | 7:50 |
| சனி | 22:00 | 6:05 | 8:05 |

தேதி நெடுவரிசையில் எப்போதும் ஷிஃப்டு தொடங்கிய தேதியையே போடுங்கள். இறங்கிய தேதியைப் போடாதீர்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 57-ஆம் பிரிவு இதற்கு ஒரு விதி வகுத்தது: நள்ளிரவைத் தாண்டிப் போகும் ஷிஃப்டில், நள்ளிரவுக்குப் பிறகு பார்த்த மணிகளும் முந்தைய நாள் கணக்கிலேயே சேரும். வார விடுமுறையும் அந்த ஷிஃப்டு முடிந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்றே எண்ணப்படும். மேலே உள்ளவர் சனி இரவு ஏறி ஞாயிறு காலை 6:05-க்கு இறங்கினார். அவருடைய 8 மணி 5 நிமிடமும் சனிக்கிழமைக்கே போகும், ஞாயிறு விடுமுறையில் வேலை பார்த்ததாக ஆகாது.

இப்போது ஆறையும் `=SUM(E2:E7)` என்று கூட்டுங்கள். கையால் கூட்டினால் 50 மணி 35 நிமிடம். கட்டத்தின் வடிவம் வெறும் `h:mm` என்றிருந்தால் திரையில் 2:35 என்று வரும். கணக்கு ஒன்றும் தப்பாகவில்லை. உள்ளே 2 நாளும் 2 மணி 35 நிமிடமும் பத்திரமாக இருக்கிறது. கடிகாரம்போல் 24-ஐத் தாண்டியதும் திரும்ப 0-விலிருந்து காட்டுவதால் 48 மணி நேரம் கண்ணுக்குத் தெரியவில்லை. `[h]:mm` போட்டால் 50:35 வந்துவிடும். வாரம் முழுக்க உழைத்தவருக்கு 2 மணி 35 நிமிடம் என்று அச்சாகி, அவர் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்த கதை பல இடங்களில் நடப்பதுதான்.

அடுத்து இடைவேளை. தினமும் அரை மணி கழிப்பதாக இருந்தால் D-யில் `0:30` என்று தட்ட வேண்டும். வெறும் 30 என்று போட்டால் அது 30 நாள். கழித்தால் மீண்டும் #####. 0.30 என்று புள்ளி வைத்தால் அது ஒரு நாளில் பத்தில் மூன்று பங்கு, 7 மணி 12 நிமிடம் காணாமல் போகும். ஆறு நாளுக்கும் சரியாகக் கழித்தபின் மொத்தம் 47:35.

கடைசியாகச் சம்பளம். மணிக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 47:35 இருக்கும் கட்டத்தை அப்படியே 80-ஆல் பெருக்கினால் 158 ரூபாய் 61 காசு வரும். உள்ளே இருப்பது நாட்கணக்கு என்பதை மறந்ததன் விளைவு. முதலில் 24-ஆல் பெருக்கி மணியாக்க வேண்டும்:

```
=E8*24*80
```

இப்போது 3,806 ரூபாய் 67 காசு. இந்தக் கட்டத்தின் வடிவம் நேரமாக இல்லாமல் `Number` என்று இருக்கட்டும், இல்லையென்றால் ரூபாயையும் நேரமாக்கிக் காட்டும்.

ஓவர்டைம் பார்ப்பவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. பின்னங்களில் கணக்கு ஓடுவதால் சரியாக 8 மணி நேரம் என்பது உள்ளே மயிரிழை கூடவோ குறையவோ இருக்கலாம். "8 மணி ஆனதா" என்று நேரடியாக ஒப்பிட்டால் சிலருக்கு மட்டும் இல்லை என்று வரும், ஏன் என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். ஒப்பிடுவதற்கு முன் நிமிடமாக மாற்றி முழு எண்ணாக்கிவிடுங்கள். ஒரு நாளில் 1440 நிமிடம்:

```
=MAX(0, ROUND(E2*1440,0)-480)
```

வியாழக்கிழமை வரிசைக்கு இடைவேளை போக 10 மணி நேரம். 600 நிமிடத்தில் 480 போக, ஓவர்டைம் 120 நிமிடம். மற்ற ஐந்து நாளுக்கும் 0.

MOD மறைக்கும் தவறுகள்

இதுவரை சொன்னது சூத்திரம் ஒழுங்காக ஓடும் கதை. நிஜ ரிஜிஸ்டர் இத்தனை சுத்தமாக இருக்காது. `MOD` எப்போதும் 0-க்கும் 24 மணிக்கும் இடையில் நம்பும்படியான ஒரு விடையைத் தந்துவிடும் என்பதுதான் தொல்லையே. ##### வந்தாலாவது ஏதோ கோளாறு என்று தெரியும்.

அதிகம் நடப்பது, போகும்போது பஞ்ச் வைக்க மறப்பது. B2-வில் 22:00 இருக்கிறது, C2 காலி. காலிக் கட்டத்தை எக்செல் 0 என்று எடுத்துக்கொள்ளும், 0 என்றால் நள்ளிரவு 12 மணி. விடை 2:00. இரவு முழுக்க வேலை பார்த்தவருக்கு 2 மணி நேரம் விழுந்துவிடும். பட்டியலில் பார்த்தால் அரை நாள் பெர்மிஷன் போலவே தெரியும். இரண்டு கட்டத்திலும் எண் இருந்தால் மட்டும் கணக்கு போடச் சொல்லிவிடுங்கள்:

```
=IF(COUNT(B2:C2)=2, MOD(C2-B2,1)-D2, "")
```

நான் எந்தப் பட்டியலிலும் வெறும் `MOD` போடுவதில்லை, இந்த வடிவம்தான். பஞ்ச் விடுபட்ட வரிசை வெறுமையாக நிற்கும், சூப்பர்வைசரைக் கேட்டு நிரப்பலாம். ஓவர்டைம் நெடுவரிசையிலும் `E2=""` என்றால் காலியாக விடும்படி ஒரு `IF` சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், இல்லையென்றால் அங்கே #VALUE! வரும்.

இரண்டாவது, நம் ஊர்ப் பழக்கம். பத்தரையை 10.30 என்று புள்ளி வைத்தே எழுதுகிறோம், அப்படியே தட்டியும்விடுகிறோம். எக்செலுக்கு 22.30 என்பது நேரமே அல்ல, இருபத்திரண்டரைகூட வராத ஒரு சாதாரண எண். 22.30-க்கு வந்து 6.15-க்குப் போனதாகத் தட்டினால், மைனஸ் 16.15-இல் `MOD` எடுத்து 0.85 தரும். திரையில் 20:24. உண்மை 7:45. 22.00, 6.00 என்று தட்டியிருந்தால் இன்னும் வேடிக்கை, விடை 0:00.

இதைத் தடுக்க B, C நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து, `Data` > `Data Validation` போய், `Time` என்பதில் 0:00-லிருந்து 23:59 வரை என்று வையுங்கள். புள்ளி வைத்த எண்ணையும், எழுத்தாக விழும் நேரத்தையும் அப்போதே தடுத்துவிடும். வேறு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் மட்டும் இந்தக் காவல் வேலை செய்யாது.

எழுத்தாக விழுவது என்றேனே, அது `10:00PM` என்று இடைவெளி இல்லாமல் தட்டும்போது எக்செலில் நடக்கும். `10:00 PM` என்று இடைவெளி விட்டால் நேரம். எழுத்தாக விழுந்தது கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், நேரம் வலப்பக்கம் நிற்கும். மேலிருந்து கீழே ஒரு பார்வை ஓட்டினாலே பிடிபட்டுவிடும்.

அரை நைட் ஷிஃப்டில் 12 மணிக் குழப்பம் தனி. மாலை 4-லிருந்து நள்ளிரவு 12 வரை என்பதற்கு `12:00 PM` என்று போட்டுவிடுவார்கள். அது நண்பகல். `MOD` மறுநாள் நண்பகல் என்று எடுத்துக்கொண்டு 20 மணி நேரம் தரும். நள்ளிரவு என்பது `12:00 AM`. 24 மணிக் கணக்கில் `0:00` என்று தட்டப் பழகிக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

வந்த நேரமும் போன நேரமும் இடம் மாறி விழுவதும் உண்டு. 6:00 வந்தது, 22:00 போனது என்று தட்டினால் 16:00. இப்படிப்பட்டவற்றைப் பிடிக்க E நெடுவரிசைக்கு `Conditional Formatting` வைத்து, 12 மணியைத் தாண்டிய கட்டமெல்லாம் சிவப்பாகும்படி செய்துவிடுங்கள். வரம்பைத் தட்டும்போது 12 என்று போடாமல் 0.5 என்று போட வேண்டும், ஏனென்றால் அரை நாள். செக்யூரிட்டி போல 12 மணி டூட்டியே வழக்கமென்றால் 14 மணி என்று ஏற்றி `=14/24` வையுங்கள். சிவப்பானது எல்லாம் தப்பு என்றில்லை, ஆனால் சிவப்பானது ஒவ்வொன்றையும் ரிஜிஸ்டரோடு வைத்துப் பாருங்கள்.

எப்போது MOD போதாது

நேரத்தை மட்டும் வைத்துக் கணக்கு போடும்வரை, 24 மணிக்குக் குறைந்த ஷிஃப்டை மட்டுமே கணிக்க முடியும். காலை 8-க்கு வந்த டூட்டி டாக்டர் மறுநாள் காலை 8-க்குப் போனால் `MOD` தருவது 0. டபுள் ஷிஃப்டு தாண்டி 30 மணி நேரம் நின்றவருக்கு 6 மணி. சூத்திரத்தை எப்படி முறுக்கினாலும் இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் தேவையான தகவலே கட்டத்தில் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் தேதியும் நேரமும் சேர்ந்தே பதிவாக வேண்டும். B2-வில் `14-03-2025 22:00`, C2-வில் `15-03-2025 6:10` என்று இருந்தால் நள்ளிரவுச் சிக்கலே எழாது, வெறும் `=C2-B2` போதும், 8:10 வரும். விரல்ரேகை மெஷினிலிருந்து இறக்கும் கோப்பில் பெரும்பாலும் தேதியும் சேர்ந்தே வரும். அதை வைத்துக்கொண்டே சிலர் நேரத்தை மட்டும் பிரித்தெடுத்து `MOD` போடுவதைப் பார்த்திருக்கிறேன். கையில் இருக்கும் தேதியைத் தூக்கி எறிந்துவிட்டு அதை ஊகித்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

தேதி ஒரு கட்டத்திலும் நேரங்கள் தனித்தனிக் கட்டங்களிலும் இருந்தால், இரண்டையும் கூட்டினாலே முழு நேரம் கிடைக்கும். தொடக்கம் `=A2+B2`. முடிவு `=A2+C2+(C2<B2)`. அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒப்பீடு உண்மையென்றால் 1, பொய்யென்றால் 0 என்று கூடும், அதாவது தேவைப்பட்டால் மட்டும் ஒரு நாள் சேரும். இரண்டு ஷிஃப்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா, நடுவே எத்தனை மணி ஓய்வு கிடைத்தது என்றெல்லாம் பார்க்க இந்த வடிவம்தான் உதவும்.

லண்டனிலோ டொரன்டோவிலோ இருந்து படிப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. அங்கே வருடத்தில் இரண்டு இரவு கடிகாரமே நகரும். பிரிட்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை 1 மணி நேராக 2 ஆகிவிடும், அக்டோபர் கடைசி ஞாயிறு 2 மணி மீண்டும் 1 ஆகும். அந்த மார்ச் இரவில் 10-லிருந்து 6 வரை நின்றவர் உண்மையில் பார்த்தது 7 மணி நேரம், அக்டோபரில் 9. கனடாவில் டொரன்டோவுக்கு இது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். தேதியோடு எழுதினாலும் எக்செலுக்கு இது தெரியாது, இரண்டு இரவுக்கும் 8 என்றே சொல்லும். அந்த இரண்டு வரிசைகளை மட்டும் கையால் திருத்தி, பக்கத்தில் ஏன் என்று ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் அங்கே இந்த வேலை கிடையாது.